9 மாத வேலைக்கு இரண்டரை வருஷம் எண்டு சேவிஸ் லெட்டர் வாங்கலாமா?

வாவிக்கரை | 2025 ஜனவரி 11, இரவு 8.40

தம்பிக்காகக் கேக்கிறன். தொழில்நுட்பக் கல்லூரியில கட்டட நிர்மாணத்தில என்.வீ.கியூ. 5 டிப்ளோமா முடிச்சவன். முழுநேரப் படிப்பு, 2023 டிசம்பரில முடிஞ்சது. 2024 மார்ச்சில இருந்து நவம்பர் வரைக்கும் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலையில சைட் சூப்பர்வைசருக்கு உதவியா நிண்டவன். நவம்பர் கடைசி வெள்ளத்தோட வேலை நிண்டுபோச்சு, ஆக்களையும் நிப்பாட்டிட்டாங்க.

இப்ப அம்பாறையில சைட் நடத்துற ஒரு கொழும்புக் கம்பனி ஆள் கேக்குது. 2 வருஷ அனுபவம் வேணுமாம். பழைய கொந்தராத்துக்காரர் நல்ல மனுஷன், "2022 ஜூனில இருந்து எண்டு எழுதித் தாறன், கொண்டுபோய்க் குடு" எண்டு சொல்றார். தம்பிக்கு மனம் ஒப்பல்ல. வீட்டில எல்லாரும் வாங்கு எண்டுதான் நிக்கிறாங்க. எனக்கும் இது பொய்தானே எண்டு படுது. ஆனா 9 மாசம் எண்டு எழுதினா ஃபைலைத் திறந்தே பாக்க மாட்டாங்க எண்டு பயமாக் கிடக்கு. என்ன செய்யலாம்?

மண்முனைப்பற்று | 2025 ஜனவரி 11, இரவு 9.15

வாங்குங்க. கொந்தராத்துக்காரர் தன்ர லெட்டர்ஹெட்டில தன்ர கையெழுத்தில தாறார். கள்ளக் கையெழுத்து இல்ல, கள்ள சீலும் இல்ல. எழுதினதுக்கு எழுதினவர்தான் பொறுப்பு. ஈ.பீ.எஃப். பாத்துப் பிடிப்பாங்க எண்டு யாராவது சொன்னா அதுக்கும் பயப்படாதீங்க, இஞ்ச சின்னக் கொந்தராத்துக்காரரில அதை ஒழுங்காக் கட்டுறவங்க எத்தினை பேர்? இரண்டரை கூடத்தான், இரண்டு எண்டு வாங்கினா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

அளவுநாடா | 2025 ஜனவரி 11, இரவு 10.50

சைட் வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையில் உட்காருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். மண்முனைப்பற்று சொன்னதில் ஒன்று சரி. ஈ.பீ.எஃப். கட்டவில்லை என்பதை வைத்து ஒருவர் வேலை செய்யவில்லை என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. மற்றது சரியில்லை. கடிதத்தை எழுதியவர் கொந்தராத்துக்காரர்தான், ஆனால் அதை ஃபைலில் வைத்து "இது என் அனுபவம்" என்று நீட்டுவது தம்பி. தனக்குத் தெரிந்தே பொய்யான திகதியை அவர் எங்களிடம் தருகிறார். யார் கையெழுத்து என்பதால் அது மாறாது.

பிடிபடுவது எப்படி என்று சொல்கிறேன். நாங்கள் முதலில் செய்வது, ஒரு வெள்ளைத்தாளில் வருஷங்களைக் கோடு போட்டு ஃபைலில் உள்ள திகதிகளை அடுக்குவது. உயர்தரம் எப்போது, டிப்ளோமா எப்போது, வேலை எப்போது. தம்பியின் டிப்ளோமா முழுநேரம், 2023 டிசம்பர் வரை. கடிதம் 2022 ஜூனிலிருந்து முழுநேர வேலை என்கிறது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். தொலைபேசி எடுக்கவே தேவையில்லை.

இரண்டாவது, 2022 நடுப்பகுதி. டீசல் இல்லை, சீமெந்து விலை எட்டாத உயரத்தில், நாட்டில் நிறைய சைட்டில் வேலை நின்றுபோன காலம். "2022 ஜூனில் எந்த சைட்டில் நின்றீர்கள், மிக்சருக்கு டீசல் எப்படி எடுத்தீர்கள்?" என்பது மிகச் சாதாரணமான கேள்வி. அந்த நேரம் சைட்டில் நின்றவர்களுக்குச் சொல்ல அரைமணி நேரக் கதை இருக்கும். வகுப்பில் இருந்த தம்பி என்ன சொல்வார்?

மூன்றாவதுதான் பெரியது. காலத்தைக் கூட்டினால் அந்தக் காலத்தில் பார்த்திருக்க வேண்டியதும் கூடிவிடும். இரண்டரை வருஷம் நின்ற ஆள் நம் பக்கத்தில் இரண்டு மாரியைச் சைட்டில் கண்டிருக்க வேண்டும். தோண்டிய அத்திவாரக் குழியில் தண்ணீர் நின்றபோது என்ன செய்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு கட்டடமாவது கையளிக்கப்பட்டதைப் பார்த்திருக்க வேண்டும். பிடித்துவைத்த பணம் எப்போது விடுபட்டது, குறைபாட்டுப் பட்டியலில் என்ன வந்தது, இறுதிப் பில்லில் கூடுதல் வேலை எப்படி ஏறியது என்றெல்லாம் கேட்போம். 9 மாத ஆளிடம் இதில் ஒன்றையும் கேட்க மாட்டோம். கடிதம் எழுதுகிறவர் மாதங்களைத்தான் கூட்டித் தருகிறார். பதில்களை அவரால் தர முடியாது.

மண்முனைப்பற்று | 2025 ஜனவரி 12, காலை 7.05

நீங்க சொல்ற டிப்ளோமாத் திகதி நியாயம், அது எனக்குப் படல்ல. ஆனா எல்லாக் கம்பனியும் இப்பிடிக் கோடு போட்டுப் பாக்கிறதில்ல. 2 வருஷம் எண்டு விளம்பரத்தில போடுறவன் முதல்ல 2 வருஷம் இல்லாத ஃபைலை ஒதுக்கி வைக்கிறான். அதுக்கு உங்கட பதில் என்ன?

கல்முனை வாசகி | 2025 ஜனவரி 12, காலை 10.20

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கும் இந்தப் பிரச்சினைதான். ஹாட்வெயார் கடையொன்றில் கணக்கு எழுதின நான், விலகின பிறகு கடிதமே தர மாட்டேன் என்று சொல்லிட்டாங்க. கிராம சேவகரிட்ட இருந்து வேலை செய்தன் என்று ஒரு அத்தாட்சி எடுத்தாப் போதுமா?

அளவுநாடா | 2025 ஜனவரி 12, பகல் 1.30

வ அலைக்கும் ஸலாம் தங்கச்சி. இழையில் பேசுவது கூட்டி எழுதின கடிதம் பற்றி, உங்களுடையது கடிதமே இல்லாத நிலை. கிராம சேவகர் நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதையும் நன்னடத்தையையும்தான் உறுதிப்படுத்துவார். ஒரு கடையில் என்ன வேலை செய்தீர்கள் என்பது அவருடைய பொறுப்பில் வராது, அதை வைத்து அனுபவம் காட்ட முடியாது. சம்பளம் வங்கிக்கு வந்திருந்தால் அந்த மாதங்களின் வங்கிக் கூற்றை எடுங்கள். ஈ.பீ.எஃப். கட்டியிருந்தால் உறுப்பினர் இலக்கத்தோடு தொழில் திணைக்கள அலுவலகத்தில் கேளுங்கள். பங்களிப்பு வந்த மாதங்களும் முதலாளியின் பெயரும் அதில் இருக்கும், கடை முதலாளி மறுத்தாலும் அது நிற்கும். கட்டாமல் விட்டிருந்தால் அதே அலுவலகத்தில் முறைப்பாடும் செய்யலாம். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி பக்கம் 12 வீதம், அவர் வேறாகக் கட்ட வேண்டிய ஈ.டீ.எஃப். 3 வீதம், எல்லாம் உங்களுக்குச் சேர வேண்டியவை.

மண்முனைப்பற்றின் கேள்வி நியாயமானது. விளம்பரத்தில் வரும் "2 வருஷம்" இரண்டு வகை. அரச திணைக்களம், மாநகர சபை, பிரதேச சபை போன்றவற்றில் அது ஆட்சேர்ப்புத் திட்டத்தில் எழுதப்பட்ட தகைமை. விண்ணப்ப முடிவுத் திகதிக்குள் அந்தக் காலம் நிறைவாகியிருக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் தட்டிவிடுவார்கள். அங்கே தம்பி போட வேண்டாம். தனியார் கம்பனியில் அது பெரும்பாலும் ஒரு விருப்பம். எங்கள் மேசைக்கு வருவதில் பாதிக் கடிதங்கள் 2 வருஷம், 3 வருஷம் என்று ஒரே அச்சில் இருக்கும். அவற்றின் நடுவில் 9 மாதம் என்று எழுதி, அந்த 9 மாதத்தில் என்ன நடந்தது என்று அளவோடு சொல்கிற ஒரு தாள் வந்தால் அதை எடுத்து வாசிக்கிறோம். எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். சில கம்பனிகள் ஒதுக்கத்தான் செய்யும்.

வாவிக்கரை | 2025 ஜனவரி 12, இரவு 8.00

அண்ணன், "அளவோட சொல்றது" எண்டா எப்பிடி? இப்ப தம்பியின்ர சீ.வீ.யில இருக்கிறது இவ்வளவுதான்: "கட்டட நிர்மாண மேற்பார்வையில் அனுபவம். கம்பி வேலை, கொங்கிரீட் வேலை, அளவீடு ஆகியவற்றில் தேர்ச்சி. கடின உழைப்பாளி."

அளவுநாடா | 2025 ஜனவரி 12, இரவு 10.10

இந்த மூன்று வரியை வைத்து அவர் 9 மாதம் நின்றாரா, 9 நாள் நின்றாரா என்று சொல்ல முடியாது. இப்படி மொட்டையாக எழுதினால் காலத்தின் நீளம் ஒன்றுதான் கண்ணில் படும், அது குறைவு. கட்டடத்தை எழுதச் சொல்லுங்கள். எத்தனை மாடி, நீள அகலம் என்ன, எந்தக் கட்டத்தில் சேர்ந்தார், எந்தக் கட்டத்தில் விலகினார், ஒவ்வொரு கட்டத்திலும் அவர் கை எதில் பட்டது. பிறகு ஒரு சின்னச் சோதனை: சிலாப் எத்தனை கியூப் போட்டது என்று கேட்டுப் பாருங்கள்.

வாவிக்கரை | 2025 ஜனவரி 13, காலை 6.50

கேட்டன். இரண்டு மாடி, 80 அடிக்கு 25 அடி. குழி தோண்டேக்க சேர்ந்தவன், மேல் சிலாப் போட்டு முதலாம் மாடிச் சுவர் எழும்பேக்க வெள்ளம் வந்தது. சிலாப் 5 அங்குலம், 11 கியூப் போனது எண்டு சொல்றான். சரியா?

பட்டிருப்பு பாஸ் | 2025 ஜனவரி 13, காலை 7.30

80க்கு 25 எண்டா 2000 சதுர அடி. 5 அங்குலத்துக்கு 833 கன அடி. நூறு கன அடி ஒரு கியூப், எட்டரைக் கியூப் கூட வராது. பிள்ளை பிழையாச் சொல்லுது.

அளவுநாடா | 2025 ஜனவரி 13, பகல் 12.45

பாஸ், உங்கள் கணக்கு சிலாப்பின் தட்டையான பலகைக்கு மட்டும் சரி. பீமைச் சேர்த்துப் பார்ப்போம். இந்த மாதிரிக் கட்டடத்தில் 10 அடிக்கு ஒரு குறுக்கு பீம் என்றால் 80 அடியில் 9 வரும். 9 அங்குல அகலம், 18 அங்குல ஆழம் என்று வையுங்கள். மேலே 5 அங்குலம் சிலாப்புக்குள் போய்விடும், கீழே தொங்குவது 13 அங்குலம். 9 பீமும் 25 அடி நீளம், ஆக 225 அடி. கணக்குப் பார்த்தால் 183 கன அடி. நீளப்பக்க பீம் இரண்டும் 9 அங்குலம் தொங்கினால் 160 அடிக்கு 90 கன அடி. மொத்தம் 273. உங்கள் 833ஓடு கூட்டினால் 1106 கன அடி, அதாவது 11 கியூப்.

பீமின் அளவுகள் நான் வைத்தவை, தம்பி கட்டட வரைபடத்தைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். ஆனால் அந்த 11 வெறும் வாயில் வந்த இலக்கம் இல்லை, சிலாப் போட்ட அன்று அங்கே நின்ற ஆளின் இலக்கம். நேர்முகத்தில் இதைத்தான் தேடுகிறோம். "பலகை 8.3, பீமோடு 11" என்று அவர் சொன்னால் அந்த மேசையில் இருக்கும் எந்த இஞ்சினியரும் கடிதத்தைத் திருப்பி அடுத்த கேள்விக்குப் போவார். 3 வருஷக் கடிதத்தோடு வந்து இதில் தடுமாறுகிறவர்கள் நிறைய.

பட்டிருப்பு பாஸ் | 2025 ஜனவரி 13, பகல் 1.20

ஓம், பீமை விட்டுட்டன். பிள்ளை சொன்னது சரி.

அளவுநாடா | 2025 ஜனவரி 13, இரவு 9.40

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. அளவு எழுதச் சொன்னேன் என்பதற்காக எல்லா இலக்கத்தையும் சீ.வீ.யில் கொட்ட வேண்டாம். எழுதும் ஒவ்வொரு இலக்கத்துக்கும் பின்னால் ஒரு கேள்வி வரும், அதற்குப் பதில் தெரிந்ததை மட்டும் எழுதட்டும்.

உதாரணம், கொங்கிரீட்டின் பலம் பார்க்கும் சோதனைக் கட்டி. சிலாப் போட்ட அன்று 150 மில்லிமீற்றர் கட்டிகள் வார்த்திருப்பார்கள், 7 நாளில் சில, 28 நாளில் சில உடைக்கப்பட்டிருக்கும். "சோதனைக் கட்டி வார்த்தல், அடையாளமிடல்" என்று எழுதினால் நான் கேட்பது: கட்டியில் என்ன எழுதினீர்கள், மறுநாள் அச்சிலிருந்து கழற்றி எங்கே போட்டீர்கள், 7 நாள் முடிவு குறைவாக வந்தால் யாருக்குச் சொல்வீர்கள்? திகதியும் இடமும் எழுதித் தண்ணீருக்குள் போட்ட கைக்கு இது ஒரு கேள்வியே இல்லை. ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனது வேறு ஆள் என்றால் அதையும் அப்படியே சொல்லலாம், யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள்.

கம்பியும் அப்படித்தான். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீற்றரின் நிறை கிலோவில் வரும் என்பது கல்லூரியில் படித்த எல்லாருக்கும் தெரியும், 12 மில்லிமீற்றருக்கு 0.89. லொறியில் வந்த கம்பியை டெலிவரி நோட்டோடு ஒத்துப்பார்க்க அதைப் பயன்படுத்தினாரா என்பதுதான் வேலை அனுபவம். "கம்பி வேலையில் தேர்ச்சி" என்பதற்குப் பதில் "வந்த கம்பியை நிறை கணக்கிட்டு ஏற்றல்" என்று எழுதினால் வாசிக்கிறவருக்கு உடனே புரியும்.

அக்கரைப்பற்றுக் கொந்தராத்து | 2025 ஜனவரி 14, இரவு 8.15

நான் கொந்தராத்துக்காரர் பக்கம். நாங்க கூட்டி எழுதுறது பிள்ளைகள் பிழைக்கட்டும் எண்டுதான், கெட்ட எண்ணம் இல்ல. அவங்க வந்து நிண்டு கேக்கேக்க இல்ல எண்டு சொல்றது கஷ்டம். அளவுநாடா, அப்ப நாங்க என்ன எழுதினா பிள்ளைக்கு உண்மையில உதவும்? "9 மாதம் திருப்தியாக வேலை செய்தார்" எண்டு குடுத்தா அது வெறும் கடதாசிதானே.

அளவுநாடா | 2025 ஜனவரி 14, இரவு 10.30

நானா, கேட்டதுக்கு நன்றி. முதலில் உங்கள் பக்க ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தொலைபேசியில் "அவர் இரண்டரை வருஷம் வேலை செய்தாரா?" என்று கேட்பதில்லை. "எந்த மாதம் சேர்ந்தார், அப்போது எந்தக் கட்டடம் ஓடினது?" என்றுதான் கேட்போம். எழுதிக் கொடுத்து மாதங்கள் கடந்த பிறகு உங்களுக்கு எந்தத் திகதி போட்டீர்கள் என்று ஞாபகம் இருக்காது, வாயில் உண்மைதான் வரும். இன்னொன்று, நீங்கள் டெண்டருக்குப் போடும்போது தொழில்நுட்ப ஆட்களின் பட்டியல் கொடுக்கிறீர்கள். 2022இலும் 2023இலும் கொடுத்த பட்டியல்களில் இப்படியான பிள்ளையின் பெயர் இருக்காது. கிழக்கில் வேலை தரும் திணைக்களங்கள் சில, கொந்தராத்துக்காரர்கள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒரு கடிதம் பொய் என்று ஆனால் நீங்கள் உண்மையாக எழுதிய மற்றப் பிள்ளைகளின் கடிதங்களும் அதோடு விழும். எனக்கு அதுதான் பெரிய கவலை.

எழுத வேண்டியது இந்த அளவு. ஆங்கிலத்தில் அடித்தாலும் இதே ஒழுங்கில்:

"இவர் 2024 மார்ச் 4 தொடக்கம் 2024 நவம்பர் 29 வரை எமது நிறுவனத்தில் தள மேற்பார்வை உதவியாளராக முழுநேரம் கடமையாற்றினார். இரண்டு மாடி வகுப்பறைக் கட்டடமொன்றில் அத்திவாரம் தோண்டியது முதல் முதலாம் மாடிச் சுவர் வரையான வேலைகளில் பங்குகொண்டார். கம்பி கட்டியதைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதையும், நாளாந்தத் தளக் குறிப்பேட்டையும், கொங்கிரீட் இடும் நாட்களில் சீமெந்துப் பை கணக்கையும் தனியாகச் செய்தார். அளவீட்டுத் தாள் தயாரிப்பில் எமது தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு உதவினார். பில் தயாரிப்பு இவர் பொறுப்பில் இருக்கவில்லை. வெள்ளத்தால் வேலை இடைநிறுத்தப்பட்டதால் சேவை முடிவடைந்தது."

கீழே உங்கள் பெயர், பதவி, பகலில் எடுக்கக்கூடிய தொலைபேசி இலக்கம், கொந்தராத்துக்காரராக சீடாவில் பதிந்த இலக்கமும் தரமும். திகதிகளை நான் ஊகமாகப் போட்டேன், நீங்கள் வரவுப் பதிவைப் பார்த்துப் போடுங்கள். ஒரு பிரதியை உங்கள் ஃபைலில் வையுங்கள். யாராவது எடுத்துக் கேட்டால் அதைப் பார்த்தே பதில் சொல்லலாம்.

"தனியாகச் செய்தார்", "உதவினார்" என்று பிரித்திருப்பதைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் செய்தார் என்று எழுதிய கடிதத்தில் எதை நம்புவது என்று எங்களுக்குத் தெரியாது. இப்படிப் பிரித்த கடிதத்தில் முதல் பாதியை அப்படியே நம்பலாம்.

மண்முனைப்பற்று | 2025 ஜனவரி 15, காலை 6.40

"பில் தயாரிப்பு இவர் பொறுப்பில் இருக்கவில்லை" எண்ட வரி எதுக்கு? செய்யாததை எழுதாம விட்டாப் போதும்தானே. அது பொய் இல்ல. கடிதத்தில வலிய ஒரு குறையைப் போட்டுக் குடுக்கிறது பிள்ளைக்குச் செய்யிற அநியாயம்.

அக்கரைப்பற்றுக் கொந்தராத்து | 2025 ஜனவரி 15, காலை 9.00

இதில நான் மண்முனைப்பற்றின்ர பக்கம். மற்றதெல்லாம் எழுதலாம், அந்த வரிய நான் போட மாட்டன்.

அளவுநாடா | 2025 ஜனவரி 15, இரவு 9.20

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விட்டால் பொய்யாகாது. நான் போடச் சொல்வது, பில் வேலையும் செய்யும் ஆளை அந்தக் கம்பனி தேடினால் தம்பி முதல் மாதத்திலேயே தனியே ஒரு சைட்டில் மாட்டக்கூடாது என்பதற்காக. கடிதத்தில் வேண்டாம் என்றால் நேர்முகத்தில் அவரே சொல்லட்டும்: "அளவீட்டுத் தாள் வரை உதவினேன், பில் போட்டதில்லை." என் எண்ணம் மாறவில்லை. ஆனால் அந்த வரி இல்லாத கடிதத்தை நான் குறையாகப் பார்க்க மாட்டேன்.

பட்டிருப்பு பாஸ் | 2025 ஜனவரி 16, இரவு 7.50

எங்களப்போல ஆக்களுக்கு என்ன வழி? கொத்து வேலை, கம்பி வேலை எல்லாம் வருஷக்கணக்காச் செய்யிறம், கையில ஒரு துண்டுக் கடதாசி இல்ல. வெளிநாட்டு ஏஜென்சி "லெட்டர் நாங்களே அடிச்சுத் தாறம், காசக் கட்டு" எண்டு சொல்றான்.

அளவுநாடா | 2025 ஜனவரி 16, இரவு 9.05

பாஸ், ஏஜென்சி அடிக்கும் கடிதத்தைத் தொடவே வேண்டாம். அதில் இருக்கும் கம்பனி உங்களுக்கே தெரியாத கம்பனியாக இருக்கும், அங்கே போய் இறங்கிய பிறகு கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள் மட்டும். உங்களுக்கு நேரான வழி இருக்கிறது. தொழில் பயிற்சிக்கான அரச நிறுவனமான நைட்டாவின் மாவட்ட அலுவலகத்தில் முன் கற்றல் அங்கீகாரம் என்று கேளுங்கள். வகுப்புக்குப் போகத் தேவையில்லை. நீங்கள் செய்த வேலைகளின் சான்றுகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், மதிப்பீட்டாளர் வேலையை நேரில் செய்யச் சொல்லிப் பார்ப்பார், கேள்வியும் கேட்பார். தேறினால் என்.வீ.கியூ. சான்றிதழ். படித்து எடுத்தவருக்குக் கிடைப்பதும் அதே சான்றிதழ்தான். சான்றுக்குப் படம் எடுக்கும்போது முடிந்த வீட்டை மட்டும் எடுக்காதீர்கள். நூல் பிடித்துக் கல் வைக்கும்போது உங்கள் முகமும் கையும் வேலையும் ஒரே படத்தில் இருக்கட்டும்.

வாவிக்கரை | 2025 ஜனவரி 18, இரவு 9.30

தம்பி பழைய கொந்தராத்துக்காரரிட்டப் போய் உண்மைத் திகதியோட லெட்டர் கேட்டான். முதல்ல "உனக்கு உதவி செய்ய வந்தா நீ குறைச்சுக் கேக்கிறாய்" எண்டு கொஞ்சம் மனம் நொந்தவர். மேல இருக்கிற மாதிரிய அடிச்சுக் காட்டினதும், தானே திருத்தி ஒப்பம் வச்சிட்டார். ஈ.பீ.எஃப். கட்டல்ல, ஆனா சம்பளம் பாங்குக்குத்தான் வந்தது.

சீ.வீ.யும் மாத்தி எழுதியிருக்கிறான். பாத்துச் சொல்லுங்க:

"2024 மார்ச் – நவம்பர் (9 மாதம்), தள மேற்பார்வையாளர். இரண்டு மாடி வகுப்பறைக் கட்டடம், 80 அடி × 25 அடி. அத்திவாரம் முதல் முதலாம் மாடிச் சுவர் வரை. சிலாப் (பீமோடு 11 கியூப்) இடும் நாளில் சீமெந்துப் பை கணக்கு, சோதனைக் கட்டி வார்த்தல். வந்த கம்பியை நிறை கணக்கிட்டு ஏற்றல். நாளாந்தத் தளக் குறிப்பேடு. கைத்தொழிற் பயிற்சி 6 மாதம் சேர்த்து மொத்த அனுபவம் 15 மாதம்."

அளவுநாடா | 2025 ஜனவரி 18, இரவு 10.40

நன்றாக வந்திருக்கிறது. இரண்டு இடத்தைத் திருத்துங்கள். கடிதத்தில் "உதவியாளர்", சீ.வீ.யில் "மேற்பார்வையாளர்". இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போது கண்ணில் குத்தும், 9 மாதத்தையும் சந்தேகப்பட வைக்கும். உதவியாளர் என்றே போடுங்கள்.

கடைசி வரியில் கூட்ட வேண்டாம். டிப்ளோமாவின் பயிற்சிக் காலம் உண்மையான வேலைதான், ஆனால் அது படிப்பின் பகுதி. தனி வரியாக எழுதட்டும்: எந்த மாதங்கள், எந்த இடம், என்ன பயிற்சி. பயிற்சிக் குறிப்பேட்டில் மேற்பார்வையாளர் ஒப்பமிட்ட பக்கங்கள் இருந்தால் ஃபைலில் வைக்கலாம். 15 என்று கூட்டுவதா இல்லையா என்பதை வாசிக்கிற கம்பனி தீர்மானிக்கட்டும். சிலர் கூட்டுவார்கள்.

வங்கிக் கூற்றில் சம்பளம் வந்த வரிகள் தெரியட்டும், மற்றக் கொடுக்கல்வாங்கலை மறைத்துப் பிரதி எடுக்கலாம். குறிப்பேட்டுப் பக்கங்களின் படம் இருந்தால் இரண்டு மூன்று போதும், கொந்தராத்துக்காரரிடம் கேட்டுவிட்டு. பில் விலைகள் இருக்கும் பக்கமும் கட்டட வரைபடங்களும் வேண்டாம். பழைய கம்பனியின் விலையை வெளியே காட்டுகிறவர் நாளைக்கு நம்முடையதையும் காட்டுவார் என்று நினைப்போம்.

அம்பாறை சைட் என்றால் சிங்களம் பேச வருமா என்பதைக் கட்டாயம் கேட்பார்கள். எவ்வளவு வருமோ அவ்வளவை எழுதட்டும். "சைட்டில் பேசிச் சமாளிக்க முடியும், எழுத வராது" என்றால் போதும்.

கல்முனை வாசகி | 2025 ஜனவரி 19, காலை 11.10

தொழில் அலுவலகத்தில் கேட்டன். 7 மாதத்துக்குப் பங்களிப்பு விழுந்திருக்கு, நான் வேலை செய்தது 11 மாதம். நான் எதை எழுதுறது?

அளவுநாடா | 2025 ஜனவரி 19, பகல் 2.00

11 என்றே எழுதுங்கள், அதுதான் உண்மை. விடுபட்ட 4 மாதத்துக்கு வங்கிக் கூற்று இருந்தால் சேர்த்து வையுங்கள், அதே கூற்றோடு முறைப்பாடும் கொடுங்கள். கேட்டால் "முதலாளி 7 மாதம்தான் கட்டினார், மீதி முறைப்பாட்டில் இருக்கிறது" என்று சொல்லலாம். வங்கிக்கு வராமல் கையில் வாங்கினீர்களா?

கல்முனை வாசகி | 2025 ஜனவரி 19, பகல் 2.25

அந்த 4 மாசமும் கையிலதான் தந்தவங்க. சம்பளச் சிட்டையும் இல்ல.

பட்டிருப்பு பாஸ் | 2025 ஜனவரி 19, பிற்பகல் 4.10

கடையில உங்கட கையெழுத்தில பில் புத்தகம் கிடக்கும்தானே தங்கச்சி. திகதியும் அதில இருக்கும்.

அளவுநாடா | 2025 ஜனவரி 19, இரவு 8.30

பாஸ் சொன்னது நல்ல யோசனை, முறைப்பாடு கொடுக்கும்போது அதைச் சொல்லுங்கள். புத்தகம் கடையின் சொத்து, நீங்கள் போய் எடுக்க முடியாது. தொழில் உத்தியோகத்தர் விசாரிக்கும்போது கடையின் பதிவுகளைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அதுவரை சீ.வீ.யில் 11 மாதம், நேர்முகத்தில் கேட்டால் 7க்கு எழுத்தில் சான்று உண்டு, 4க்கு இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். கூட வேலை செய்த யாராவது தொலைபேசியில் பேசச் சம்மதித்தால் அவருடைய இலக்கத்தையும் அனுமதியோடு கொடுங்கள்.